ஊர்ப்பேச்சு கடல் கடக்குமா?

1865-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நியூயார்க் நகரத்து வார இதழ் ஒன்றில் ஒரு தவளைக் கதை வெளிவந்தது. எழுதியவர் மார்க் டுவேன். கலிபோர்னியாச் சுரங்க ஊர் ஒன்றுக்குச் செல்லும் படித்த மனிதர் ஒருவர், அங்குள்ள சைமன் வீலர் என்னும் கிழவரிடம் அகப்பட்டுக் கொள்கிறார். ஸ்மைலி என்பவன் பந்தயத்திற்காகப் பழக்கிய தவளையைப் பற்றிக் கிழவர் தம் ஊர்ப்பேச்சிலேயே நீட்டி முழக்கிச் சொல்கிறார். கதை இவ்வளவுதான். படித்தவரின் சீரான ஆங்கிலத்திற்கும் கிழவரின் நாட்டுப்புற ஆங்கிலத்திற்கும் இடையே உள்ள தொலைவே இதில் நகைச்சுவை பிறக்கும் இடம்.

1872-இல் இக்கதை பாரிசில் பிரெஞ்சு மொழியில் வந்தது. ‘இரு உலகங்களின் மதிப்புரை’ எனப் பொருள்படும் பெயர் தாங்கிய புகழ் பெற்ற ஏடு அதனை வெளியிட்டது. மொழிபெயர்த்தவர் பெந்த்சோன் என்னும் புனைபெயரில் எழுதிய பெண்மணி. பொருளில் அவர் பெரும் பிழை எதுவும் செய்யவில்லை. ஆயினும் கதையில் சிரிப்பு வரவில்லை. இதனைக் கண்ட மார்க் டுவேன் 1875-இல் ஒரு வேடிக்கை செய்தார். தம் ஆங்கில மூலத்தையும், பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும், அப்பிரெஞ்சைச் சொல்லுக்குச் சொல் மீண்டும் ஆங்கிலமாக்கிய மூன்றாம் வடிவத்தையும் ஒன்றாக அச்சிட்டார். அம்மூன்றாம் வடிவம் எவராலும் பேசப்படாத விந்தை மொழியாக இருந்தது. உலகம் சிரித்தது.

அவ்வேடிக்கைக்குள் மொழிபெயர்ப்பு வரலாற்றில் இன்றுவரை தீராத வழக்கு ஒன்று அடங்கியுள்ளது. ஒரு மொழியின் ஊர்ப்பேச்சுக்கு இணையான பேச்சு மற்றொரு மொழியில் இல்லாதபோது, கதைமாந்தரை எப்படிப் பேச வைப்பது என்பதே அவ்வழக்கு.

ஒரு வாக்கியத்தின் கதை

தவளைக் கதையில் ஓர் அயலான் வருகிறான். ஸ்மைலியின் தவளையைப் பார்த்துவிட்டு, மற்றத் தவளைகளைக் காட்டிலும் இதில் தனிச் சிறப்பு ஒன்றும் தெரியவில்லை என்று அலட்சியமாகச் சொல்கிறான். மூலத்தில் இவ்வாக்கியம் இரட்டை மறுப்போடு அமைந்துள்ளது. அதாவது ‘இல்லை’ என்னும் பொருள் ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை வருகிறது. எழுத்து ஆங்கில இலக்கணம் இதனைப் பிழை எனத் தள்ளும். ஊர்ப்புற ஆங்கிலம் இதனை இயல்பாக வழங்கும். ஆகவே அந்த இரட்டை மறுப்பைக் கண்ட மாத்திரத்தில், பேசுபவன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் பேசுபவன் அல்லன் என்பது ஆங்கில வாசகருக்கு விளங்கிவிடும்.

இதனைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? பிரெஞ்சு மொழியில் மறுப்பு என்பதே இரு சொற்களால் ஆவது. வினைச்சொல்லுக்கு முன் ‘ந’ என்பதும் பின் ‘பா’ என்பதும் வந்து நிற்க வேண்டும் என்பது அம்மொழியின் எழுத்திலக்கணம். ஆங்கிலத்தில் நாட்டுப்புறத்தானை அடையாளம் காட்டும் அமைப்புக்கு ஒப்பான ஒன்று, பிரெஞ்சில் படித்தவரின் இலக்கணமாகிவிடுகிறது! பெந்த்சோன் அவ்விலக்கணத்தை வழுவாது பின்பற்றினார். அதற்கு மேலும், மறுப்பின் பின் எழுத்து நடையில் வரும் தனி வினைவடிவத்தையும் இட்டார். விளைவு யாது? சுரங்க ஊரில் திரியும் ஒருவன் பாரிசு நகரத்துக் கனவானைப் போல் பேசினான். மார்க் டுவேன் அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பியபோதோ, குற்றமற்ற அந்தப் பிரெஞ்சு இலக்கணம் ஆங்கிலத்தில் உளறலாகத் தோன்றியது. நடுநிலையோடு நோக்கினால் மார்க் டுவேனின் கேலி நேர்மையானது அன்று. சொல்லுக்குச் சொல் திருப்பினால் எம்மொழியும் உளறலாகவே தோன்றும். ஆனால் அவர் மனக்குறை நியாயமானது. கிழவரின் குரல் போய்விட்டது.

பெந்த்சோனுக்கு வேறு வழி இருந்ததா? இருந்தது. பிரெஞ்சுக்காரர் இயல்பாகப் பேசும்போது மறுப்பின் முற்சொல்லான ‘ந’வை விட்டுவிடுவர். இவ்வழக்கு எந்த ஒரு வட்டாரத்திற்கும் உரியதன்று. பிரான்சு முழுதும் உள்ள பேச்சு வழக்கு. ஆங்கிலக் கிழவர் ஒரு மறுப்புச் சொல்லைக் கூட்டிப் பேசுகிறார் என்றால், பிரெஞ்சுக் கிழவர் ஒன்றைக் குறைத்துப் பேசலாம். வடிவம் நேர்மாறானது, வேலை ஒன்றே. ஊர்ப்பேச்சின் அடையாளத்தைத் தூக்கிச் செல்ல இயலாது, அது செய்யும் வேலையைத்தான் கொண்டு செல்ல இயலும் என்பதை இந்த ஒரு வாக்கியம் காட்டிவிடுகிறது.

ஏழு வகைப் பேச்சு

தவளைக் கதையில் சிக்கியது ஒரு நகைச்சுவைதான். இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் சிக்குவது ஒரு மனிதனின் மானம். அந்நூல் 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அதன் முகப்பில் மார்க் டுவேன் ஒரு சிறு விளக்கம் சேர்த்தார். மிசௌரிக் கறுப்பினத்தார் பேச்சு, தென்மேற்குக் காட்டுப்புறப் பேச்சு, பைக் வட்டத்துப் பொதுப் பேச்சு, அதன் நான்கு திரிபுகள் என ஏழு வகைப் பேச்சுகளை இந்நூலில் கையாண்டதாகவும், அவற்றைக் குருட்டுப் போக்கில் எழுதாமல் மிகுந்த உழைப்போடு எழுதியதாகவும் கூறினார். இதைச் சொல்லாவிட்டால், எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி பேச முயன்று தோற்றதாக வாசகர் எண்ணக்கூடும் என்றும் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

இதனை வெறும் வேடிக்கை என்றே பலர் கொண்டனர். 1979-இல் டேவிட் கார்கீட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் நூல் முழுவதையும் ஆராய்ந்து, அவ்வேறுபாடுகள் மெய்யாகவே உள்ளன என்று எடுத்துக் காட்டினார். மார்க் டுவேனின் முறையும் அறியத்தக்கது. 1874-இல் அவர் வெளியிட்ட ‘ஓர் உண்மைக் கதை’ என்பது, முன்னாள் அடிமையும் எல்மைரா நகரில் சமையற்பணி செய்தவருமான மேரி ஆன் கார்ட் தம் வாழ்வைப் பற்றிச் சொன்னதை வைத்து எழுதியது. அவர் பேச்சை எழுத்தில் வடிக்கையில், காதுக்குச் சரியாகப் படும்வரை வாய்விட்டுப் பேசிப் பேசித் திருத்துவதாக மார்க் டுவேன் தம் நண்பருக்கு எழுதினார். கண்ணால் எழுதியதன்று, காதால் எழுதியது.

நாவலின் தலைமைப் பாத்திரங்கள் இருவர். ஒருவன், குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பி ஓடும் வெள்ளைச் சிறுவன் ஹக். மற்றவன், விற்கப்படுவதற்கு அஞ்சி ஓடும் அடிமையான ஜிம். இருவரும் ஒரு தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றோடு செல்கின்றனர். கதை முழுவதையும் சொல்பவன் ஹக். அவன் சொல்வதும் ஊர்ப்பேச்சிலேதான். இங்கு மொழிபெயர்ப்பாளர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரட்டை மறுப்பு முதலிய இலக்கண வழக்குகள் ஜிம்முக்கும் ஹக்குக்கும் பெரும்பாலும் பொதுவானவை. இருவர் பேச்சும் வேறுபடுவது முக்கியமாக ஒலிப்பில். ஒலியை எழுத்தில் காட்ட ஆசிரியர் எழுத்துக்கூட்டலை மாற்றியிருப்பதால், ஜிம்மின் பேச்சு கண்ணுக்கு வெகு தொலைவாகத் தோன்றுகிறது. காதுக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. சிறுவனும் அடிமையும் மொழியில் ஏறத்தாழ ஒரே தட்டில் உள்ளவர்கள்.

இதனை மறந்த மொழிபெயர்ப்பில் என்ன நேரும்? ஹக் கதை சொல்பவன் ஆதலால் அவனுக்கு நல்ல எழுத்து நடை தரப்படும். ஜிம்முக்கு மட்டும் கொச்சை தரப்படும். மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு ஒன்று அப்போது புதிதாக முளைத்துவிடும். வெள்ளைச் சிறுவன் படித்தவனாகவும், கறுப்பினத்துப் பெரியவன் மூடனாகவும் தோன்றுவர்.

பதினைந்தாம் அதிகாரம்

அந்தக் கேடு முழு உருவில் தெரியும் இடம் பதினைந்தாம் அதிகாரம். ஓரிரவு மூடுபனியில் இருவரும் பிரிந்துவிடுகின்றனர். சிறு ஓடத்தில் ஹக்கும், தெப்பத்தில் ஜிம்மும் தனித்தனியே அலைக்கழிகின்றனர். தெப்பத்திற்குத் திரும்பும் ஹக், தான் அகலவே இல்லை என்றும், யாவும் ஜிம் கண்ட கனவு என்றும் சொல்லி ஏமாற்றுகிறான். ஜிம் நம்பிவிடுகிறான், அக்கனவுக்குப் பலனும் சொல்கிறான். அதன் பிறகு ஹக், தெப்பத்தில் கிடக்கும் குப்பையையும் ஒடிந்த துடுப்பையும் காட்டி, இவற்றுக்கு என்ன பலன் என்று நகைக்கிறான். ஜிம் சிரிக்கவில்லை. அவன் இறந்துவிட்டான் என்று நெஞ்சுடைந்து கிடந்ததையும், உயிரோடு கண்டபோது அடைந்த பேருவகையையும் நிதானமாகச் சொல்லி, நண்பனை அவமானப்படுத்துகிறவர்களே குப்பை என்று முடித்து அகன்றுவிடுகிறான். ஹக் நெடுநேரம் தன்னோடு போராடி, கடைசியில் அவ்வடிமையிடம் சென்று பணிகிறான். அப்படிப் பணிந்ததற்கு அவன் பின்னர் ஒருபோதும் வருந்தவில்லை.

நாவலின் அறம் திரும்பும் இடங்களுள் இது ஒன்று. ஜிம்மின் சொற்கள் வாசகருக்குச் சிரிப்பு மூட்டினால் அத்தியாயம் அங்கேயே சரிந்துவிடும். எனவே மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளும் முறை எதுவாயினும், இந்த ஒரு பேச்சைத் தாங்குகிறதா என்று சோதித்துப் பார்த்துவிடலாம். மூன்று பக்க நகைச்சுவைக்குப் பொருந்தும் கொச்சை, இந்தப் பேச்சின் பாரத்தைத் தாங்காமல் முறிந்து போவதுண்டு.

அதற்காக எல்லாரையும் நல்ல நடையில் பேச வைத்துவிடலாமா என்றால், அதுவும் ஆகாது. பிற்பகுதியில் இரு எத்தர்கள் வருகின்றனர். அவர்களுள் ஒருவன் தான் இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரியார் என்று நடித்து, இறந்தவரின் சொத்தை அபகரிக்க முயல்கிறான். ஊர் மக்கள் நம்பிவிடுகின்றனர். மருத்துவர் ஒருவர் மட்டும் அவன் வாயைத் திறந்ததும் நகைத்து, ஆங்கிலேயர் பேச்சை இவ்வளவு மோசமாக நடிப்பவனைத் தாம் கண்டதில்லை என்கிறார். நூலில் எல்லாரும் ஒரே நடையில் பேசியிருந்தால், மருத்துவர் எதைக் கேட்டுக் கண்டுபிடித்தார் என்பது வாசகருக்குப் புரியாது. ஊர்ப்பேச்சு இங்கு அலங்காரமன்று. கதையையே நடத்திச் செல்வது.

ஜப்பானியர் கண்ட வழி

ஜப்பானிய மொழிபெயர்ப்பு வரலாறு இவ்வழக்கில் சிறந்த சான்று தருகிறது. ஜப்பானில் வட்டார வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க நாவல்களில் வரும் கறுப்பின அடிமைகளுக்குப் பேச்சுத் தர வேண்டி வந்தபோது, மொழிபெயர்ப்பாளர் பலர் நாட்டின் வடகிழக்கில் உள்ள தோஹோக்குப் பகுதியின் சாயல் கொண்ட ஒரு பேச்சை எடுத்துக் கொண்டனர். 1936-இல் வெளிவந்த ‘காற்றோடு போயிற்று’ என்னும் அமெரிக்க நாவல் 1938-இல் ஜப்பானிய மொழிக்குச் சென்றபோது, அடிமைகளுக்கு அமைந்தது இத்தகைய பேச்சே. ‘நான்’ என்பதற்கு ‘ஓரா’ என்னும் சொல்லும், வாக்கிய இறுதியில் ‘பெ’ என்னும் இடைச்சொல்லும் இப்பேச்சின் அடையாளங்கள்.

இதனை எந்த ஒரு கிராமத்திலும் அப்படியே பேசுவார் இலர். பல வழக்குகளைக் கலந்து எழுத்தாளர்கள் ஆக்கிக்கொண்ட கற்பனைப் பேச்சு அது. ஜப்பானிய அறிஞர் கின்சுயி சத்தோஷி 2003-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பேச்சுகளுக்குப் ‘பாத்திர மொழி’ என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டு விளக்கினார். கிழவர், பேராசிரியர், குடியானவர் என ஒவ்வொரு வகையினர்க்கும் கதைகளில் ஒரு பேச்சு வழக்கமாகிவிடுகிறது. மெய்யான மனிதர் அவ்வாறு பேசாவிட்டாலும் வாசகர் உடனே இனம் கண்டுகொள்கின்றனர் என்பது அவர் கருத்து.

இம்முறையின் பயன் தெளிவு: வாசகர் திகைப்பதில்லை. இழப்பும் தெளிவு. அப்பேச்சு ‘பட்டிக்காட்டான்’ என்னும் முத்திரையை முன்னமே சுமந்து நின்றது. அடிமை வாய் திறக்கும் முன்பே அவனைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்பு இரு முனைகளில் காயப்படுத்துகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தார் மூடராகக் காட்டப்படுகின்றனர். தோஹோக்கு மக்களோ, தங்கள் பேச்சு அடிமைக்கு உரியதாக்கப்பட்டதைக் காண்கின்றனர்.

2017-இல் ஷிபாத்தா மோத்தோயுக்கி என்னும் மொழிபெயர்ப்பாளர் வேறொரு வாயிலைத் திறந்தார். ஜப்பானிய எழுத்தில் சீனத்திலிருந்து வந்த ‘கஞ்சி’ எழுத்துகளும், எளிய ஒலியெழுத்துகளும் கலந்து வரும். கல்வி மிக மிகக் கஞ்சி எழுத்துகளும் மிகும். அரைகுறையாகப் பள்ளி சென்ற ஹக் எத்தனை கஞ்சி அறிந்திருப்பான் என்று எண்ணிப் பார்த்த ஷிபாத்தா, அவன் சொல்லும் கதையில் அவ்வெழுத்துகளை மிகவும் குறைத்து, பெரும்பாலும் ஒலியெழுத்துகளிலேயே எழுதினார். சிறுவனை எந்த ஜப்பானிய ஊருக்கும் குடியேற்றவில்லை. ஆயினும் பக்கத்தைப் பார்த்த அளவிலேயே அவன் கல்வியின் அளவு விளங்குகிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கருவியைக் கொண்டு ஆங்கில மூலத்தின் வேலையை அவர் செய்வித்தார்.

தமிழில் ஜிம்

தமிழில் ஜிம் எப்படிப் பேசுவான்? விளக்கத்திற்காக ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பார்க்கலாம். இது நூலில் உள்ளதன்று. ‘இரவு முழுவதும் உன்னைத் தேடினேன், கண் அயரவில்லை’ என்று எழுதினால் ஜிம் பள்ளி ஆசிரியராகிவிடுகிறான். ‘ராத்திரி பூரா ஒன்னத் தேடுனேம்லா’ என்றால் தெப்பம் மிசிசிப்பியை விட்டுத் தாமிரபரணிக்கு வந்துவிடுகிறது. ‘இரவு முழுக்க உன்னைத் தேடினனான், கண் அயரேல்லை’ என்றால் யாழ்ப்பாணம் கண்முன் நிற்கிறது. பல மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் ஒன்றாக வாழும் மலாயாத் தமிழரிடையே இவ்விடர் இன்னும் கூர்மையானது. ஒருவர் வீட்டுப் பேச்சு ஓர் அமெரிக்க அடிமையின் வாயில் வைக்கப்பட்டால், ‘இது யார் ஊர்ப் பேச்சு?’ என்பதே வகுப்பில் எழும் முதற் கேள்வியாக இருக்கும். அக்கேள்வி எழுந்தால் மொழிபெயர்ப்பு வழுக்கிவிட்டது என்று அறியலாம்.

ஆனால் தமிழிடம் வேறொரு செல்வம் உண்டு. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே பல படிகள் உள்ளன. அவற்றுள் பல, எந்த ஊரையும் சுட்டாதவை. ‘ராத்திரி பூரா உன்னைத் தேடினேன். கண்ணே மூடலை’ என்பதில் நெல்லையும் இல்லை, யாழும் இல்லை. எழுத்து நடையிலிருந்து விலகியது என்பது மட்டும் தெரிகிறது. மூலத்தில் இருவரும் ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்பதால், ஹக் கதை சொல்வதும் இதே படியிலோ, இதற்கு ஒரு படி மேலோ இருத்தல் வேண்டும். நீதிபதியும் மருத்துவரும் இன்னும் மேற்படியில் பேசலாம். பாதிரியாராக நடிக்கும் எத்தன் மேற்படிக்குத் தாவி, வேண்டாத இடத்தில் தூய சொற்களை இட்டுத் தடுக்கி விழலாம். அப்போது மருத்துவரின் நகைப்புக்குக் காரணம் தமிழ் வாசகர் செவிக்கும் எட்டும்.

விளிச்சொல் தமிழின் மற்றொரு கருவி. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான்; தமிழில் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்று தீர்மானித்தே ஆகவேண்டும். ஜிம் வயதில் பெரியவன்; ஆனால் அடிமை. ஹக் சிறுவன், ஆனால் வெள்ளையன். ஜிம் ‘நீங்க’ என்றால் அடிமைத்தனம் ஒவ்வொரு வரியிலும் ஒலிக்கும். மூலத்தில் அவன் ஹக்கைக் குழந்தை போலவும் செல்லமாகவும் அழைப்பது மறைந்துவிடும். ‘நீ’ என்று சொல்லி, ‘தம்பி’ என்று விளித்தால் அவனுடைய அன்பும் மூப்பும் ஒருங்கே நிற்கும். பதினைந்தாம் அதிகாரத்துப் பேச்சில் மட்டும் அந்தத் ‘தம்பி’யை மொழிபெயர்ப்பாளர் எடுத்துவிடுவாரானால், ஒரு கொச்சைச் சொல்லும் கூட்டாமலே ஜிம்மின் மனப்புண் வெளிப்படும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஏழு வகைப் பேச்சை இப்படிகளில் வைத்தால் மூன்றுக்கு மேல் தேறுவது அரிது. பைக் வட்டத்தின் நான்கு திரிபுகளும் தமிழில் ஒன்றாகிவிடும். ஆகவே எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்று முதலிலேயே வரிசைப்படுத்திக் கொள்வது நலம். ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டை இழந்தாலும் கதை நிற்கும். படித்தவர்க்கும் படியாதவர்க்கும் உள்ள இடைவெளியை இழந்தால் கதை தளரும். ஜிம்மும் ஹக்கும் ஒரே தெப்பத்தில் நிற்பவர்கள் என்பதை இழந்தால் கதையே இல்லை.

அந்நூலின் பதினான்காம் அதிகாரத்தில் ஜிம் ஒரு கேள்வி கேட்கிறான். பூனை பசுவைப் போலப் பேசாது, பசு பூனையைப் போலப் பேசாது; அது சரி. பிரெஞ்சுக்காரனும் மனிதன்தானே, அவன் ஏன் மனிதனைப் போலப் பேசக்கூடாது? ஹக்கால் விடை சொல்ல முடியவில்லை. ஜிம்மைத் தமிழுக்குக் கொண்டுவருபவர், அவனை எந்த ஊரானைப் போலப் பேச வைப்பது என்று தேடுவதை விட்டு, அவன் கேட்டபடியே மனிதனைப் போலப் பேச வைத்தால் போதும்.